வாரத்துக்கு எத்தனை அத்தியாயம், மாதத் தேர்வில் எத்தனை மார்க்?
சிசிஎன்ஏ படிப்பவர்களுக்கான கேள்வி-பதில்

வேலை பார்த்துக்கொண்டே சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வுக்கு (எண் 200-301) படிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளிலிருந்து இந்த இதழுக்குச் சில. பெரும்பாலோர் கையில் இருப்பது வெண்டல் ஓடம் எழுதிய இரண்டு தொகுதிப் புத்தகம் என்பதால் பதில்களும் அதையே வைத்துச் சொல்லப்படுகின்றன.

கேள்வி: இரண்டு தொகுதியும் சேர்த்து ஏறக்குறைய ஐம்பது அத்தியாயம். கையில் ஐந்து மாதம். வாரத்துக்கு இரண்டரை அத்தியாயம் என்று பிரித்துக் காலண்டரில் எழுதிவிட்டேன். போதுமா?
— ஈரோடு வாசகர்

பதில்: வகுத்தல் சரி, திட்டம் சரியில்லை. ஐந்தாவது மாதத்தை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த மாதத்தில் புது அத்தியாயம் எதையும் திறக்கக் கூடாது. முழுநீள மாதிரித் தேர்வுக்கும் திருப்பிப் பார்ப்பதற்கும் அது வேண்டும். மிச்சம் 16 வாரம். ஆக, சராசரி வாரத்துக்கு மூன்று அத்தியாயம்.

அந்த மூன்றும் எல்லா வாரத்துக்கும் மூன்று அல்ல. தேர்வில் ஆறு பகுதிகள் உண்டு. ஐபி கனெக்டிவிட்டி, அதாவது ரௌட்டிங், மட்டும் 25 சதவீதம். நெட்வொர்க் அடிப்படைகளும், விலான், சுவிட்ச் சம்பந்தப்பட்ட நெட்வொர்க் ஆக்ஸஸும் தலா 20. பாதுகாப்பு 15. ஐபி சர்வீசஸ், ஆட்டோமேஷன் இரண்டும் தலா 10. சப்நெட் அத்தியாயங்களைப் பாருங்கள்: படித்து முடிக்க ஒரு மாலை போதும், கை பழக இரண்டு வாரம் ஆகும். அந்த வாரங்களில் இரண்டு அத்தியாயத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஓஎஸ்பிஎஃப், ஏசிஎல் அத்தியாயங்களுக்கும் இதே கணக்குதான். கட்டளை எதுவும் இல்லாமல் கருத்தை மட்டும் விளக்கும் ஆட்டோமேஷன் அத்தியாயங்களை வாரத்துக்கு நான்கு, ஐந்து என்றுகூட முடிக்கலாம்.

ஒவ்வொரு நாலாவது வாரத்திலும் ஒரு அத்தியாயம் குறைத்து வையுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வுக்கு.

கேள்வி: ஒரு அத்தியாயம் ‘முடிந்தது’ என்று எப்போது டிக் அடிப்பது? கடைசிப் பக்கம் படித்ததுமா?
— திருச்சி வாசகி

பதில்: இல்லை, அடுத்த வாரம். இந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு அத்தியாயமும் "Do I Know This Already?" என்ற சின்னக் கேள்வித்தாளோடு தொடங்கும். படிக்கும் முன் ஒருமுறை அதற்குப் பதில் எழுதுங்கள். படித்த கையோடு மறுபடி எழுத வேண்டாம். அப்போது எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஏழு நாள் கழித்து எழுதுங்கள். அன்றைக்குச் சரியாக வந்தால், அத்தியாயத்தில் கட்டளைகள் இருந்தால் அவற்றைப் புத்தகம் பார்க்காமல் பாக்கெட் ட்ரேசரில் அடிக்கவும் முடிந்தால், டிக் அடியுங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த அத்தியாயம் இந்த வாரக் கணக்கில் பாதியாகத் திரும்பி வருகிறது. வாரத்துக்கு மூன்று என்ற இலக்குக்குள் இந்தப் பாதிகளுக்கும் இடம் இருக்க வேண்டும்.

கேள்வி: முதல் மாத முடிவில் மாக் டெஸ்ட் எழுதினேன். 41 சதவீதம். மனசே விட்டுப்போச்சு.
— மதுரை வாசகர்

பதில்: எந்தக் கேள்விகளை எழுதினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. மொத்தப் பாடத்துக்குமான தேர்வை எழுதியிருந்தால், இன்னும் திறக்காத அத்தியாயங்களிலிருந்து பெரும்பகுதி வந்திருக்கும். அந்த 41 எதையும் அளக்கவில்லை. புத்தகத்தோடு வரும் பியர்சன் பயிற்சி மென்பொருளில் எந்தெந்த அத்தியாயத்திலிருந்து கேள்வி வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. முதல் மூன்று மாதமும் படித்த அத்தியாயங்களை மட்டும் டிக் செய்து எழுதுங்கள். போன மாதம் படித்ததும் இந்த மாதம் படித்ததும் கலந்து வரட்டும். இரண்டாம் மாதத் தேர்வில் விலான் கேள்வி தவறினால், முதல் மாதப் பாடம் நழுவிவிட்டது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அந்த மென்பொருளில் கேள்வி வங்கி ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒன்றை இப்போதே ஒதுக்கிவையுங்கள், ஐந்தாம் மாதம் வரை எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: இரண்டாம் மாத மாதிரித் தேர்வில் 60 கேள்விக்கு 37 சரி. விட்டதெல்லாம் என்னென்ன என்று விளக்கம் படித்துப் பார்த்துவிட்டேன். அடுத்து மூன்றாம் மாத அத்தியாயங்களுக்குப் போகலாமா?
— கோவை வாசகர், ஆலையில் ஐடி உதவியாளர்

பதில்: இன்னும் ஒரு வேலை இருக்கிறது. மாதத் தேர்வின் முழுப் பயனும் அந்த வேலையில்தான். விளக்கம் படித்தால் அந்தக் கேள்வி புரியும், அவ்வளவுதான். ஏன் தவறியது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள். பாடமே தெரியவில்லை; தெரியும், ஆனால் இரண்டு விதிகள் குழம்பின; கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை; ஊகித்தேன், சரியாக வந்துவிட்டது. நாலாவது பத்திக்காகத் தேர்வு எழுதும்போதே, சந்தேகத்தோடு குறித்த கேள்வியின் எண்ணைத் தாளில் எழுதி வர வேண்டும். உங்கள் 37-இல் ஏழு ஊகம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்களுக்குத் தெரிந்தது 30, அதாவது பாதி.

நீங்கள் அனுப்பிய தவறுகளின் பட்டியலில் ரௌட்டிங் டேபிள் கேள்விகள்தான் அதிகம். அவற்றில் ஒன்றின் சாரத்தை இங்கே என் சொந்த எண்களில் தருகிறேன். ரௌட்டரில் இந்த மூன்று வழிகள் இருக்கின்றன:

```
S  10.1.0.0/16 [1/0] via 192.168.1.2
O  10.1.4.0/22 [110/20] via 192.168.1.6
O  10.1.6.0/24 [110/65] via 192.168.1.10
```

10.1.6.9-க்குப் போகும் பாக்கெட் எந்த வழியில் போகும்? முதல் வரி என்று எழுதியிருந்தால், அதன் அட்மினிஸ்ட்ரேடிவ் டிஸ்டன்ஸ் 1 என்பதைப் பார்த்து எழுதியிருப்பீர்கள். இரண்டாவது வரி என்றால், 65-ஐவிட 20 குறைந்த மெட்ரிக் என்று நினைத்திருப்பீர்கள். விடை மூன்றாவது வரி. மூன்று வரியும் அந்த முகவரிக்குப் பொருந்துகின்றன. அவற்றில் மிக நீண்ட பிரிஃபிக்ஸ், /24, வெல்கிறது. டிஸ்டன்ஸும் மெட்ரிக்கும் அதற்கு முந்தைய கட்டத்தில், ஒரே நெட்வொர்க்குக்கு, ஒரே நீள பிரிஃபிக்ஸுக்கு இரண்டு வழி கிடைத்தால் டேபிளில் எதை ஏற்றுவது என்று முடிவு செய்வதற்கானவை. டேபிளில் ஏறிய பிறகு பாக்கெட்டை அனுப்பும்போது அவற்றுக்கு வேலை இல்லை.

புரிந்ததா என்று சோதிக்க அதே டேபிளில் இலக்கை மட்டும் மாற்றுங்கள். 10.1.7.9 என்றால்? /24-இல் அடங்காது, /22 என்பது 10.1.4.0 முதல் 10.1.7.255 வரை, ஆகவே இரண்டாவது வரி. 10.1.8.9 என்றால் முதல் வரி. தவறிய ஒவ்வொரு கேள்வியையும் இப்படி இரண்டு முறை மாற்றி உங்களையே கேட்டுக்கொண்டால், விளக்கம் மனப்பாடமா, புரிந்ததா என்று தெரிந்துவிடும்.

இனி மூன்றாம் மாதத் திட்டம். ‘குழம்பின’ பத்தியில் ரௌட்டிங் நிறைந்திருந்தால், மூன்றாம் மாதத்தின் முதல் வாரத்தில் புது அத்தியாயம் ஒன்று மட்டும் வையுங்கள். மீதி நாட்கள் ரௌட்டிங்குக்கு. அந்த வாரம் தள்ளிப்போகும் இரண்டு அத்தியாயங்களையும் மாதக் கடைசியில் வரும் எடை குறைந்த பாடங்களோடு சேர்த்துக்கொள்ளலாம். ‘தெரியவில்லை’ பத்தி மட்டும் நிறைந்திருந்தால் அத்தியாயத்தையே மறுபடி படியுங்கள். ‘சரியாகப் படிக்கவில்லை’ பத்திக்குப் படிப்பு எதுவும் வேண்டாம், நிதானம் வேண்டும். காலண்டரை அழித்து எழுதாத மாதத் தேர்வு வீண்.

கேள்வி: சப்நெட் கணக்கு எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் ஒன்றுக்கு மூன்று நிமிஷம் ஆகிறது. பழகப் பழக வேகம் வந்துவிடும்தானே?
— நாகர்கோவில் வாசகி

பதில்: இப்போது போடும் முறையிலேயே பழகினால் வராது. 32 பிட்டையும் பைனரியில் எழுதிப் பார்ப்பவர்களுக்குத்தான் பொதுவாக மூன்று நிமிஷம் ஆகும். பைனரி எதற்கு என்று ஒருமுறை புரிந்துகொண்ட பின் அதை விட்டுவிடுங்கள்.

172.16.77.200/20 என்று எடுத்துக்கொள்வோம். /20 என்றால் மாஸ்க் 255.255.240.0. 255-உம் 0-உம் அல்லாத எண் மூன்றாவது இடத்தில் இருக்கிறது, அந்த ஓர் இடத்தில் மட்டும் கணக்கு. 256-இலிருந்து 240 போக 16. மூன்றாவது இடத்தில் சப்நெட்டுகள் பதினாறு பதினாறாகப் போகின்றன: 0, 16, 32, 48, 64, 80. 77 எங்கே விழுகிறது? 64-க்கும் 80-க்கும் நடுவில். ஆகவே சப்நெட் 172.16.64.0. அடுத்த சப்நெட் 172.16.80.0; அதற்கு ஒன்று முந்தையது பிராட்காஸ்ட், 172.16.79.255. கணினிகளுக்குத் தரக்கூடியவை 172.16.64.1 முதல் 172.16.79.254 வரை. முழுவதும் மனக்கணக்கு, அரை நிமிஷம்.

தினம் காலையில் பத்துக் கணக்கு, கடிகாரம் வைத்து. வாரக் கடைசியில் ஐம்பதை மொத்தமாகப் போடுவதைவிட இது பலன் தரும். மாதத் தேர்வில் சப்நெட் கேள்விகளுக்கு ஆன நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். சரியான விடை, ஆனால் இரண்டு நிமிஷம் என்றால் அதைத் தவறோடு சேர்த்து எழுதுங்கள். மொத்தத் தேர்வுக்கே 120 நிமிஷம்தான்.

கேள்வி: லேப் செய்ய நேரம் போதவில்லை. வீடியோவில் ஒருவர் செய்வதைப் பார்த்தால் போதாதா?
— சேலம் வாசகர்

பதில்: போதாது. தேர்விலேயே கட்டளை அடித்துச் செய்யும் லேப் கேள்விகள் வருகின்றன. பாக்கெட் ட்ரேசர் இலவசம், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இறக்கிக்கொள்ளலாம்.

நேரம் குறைவு என்றால் லேபை உடைத்துப் படியுங்கள். இரண்டு ரௌட்டரை இணைத்து ஓஎஸ்பிஎஃப் ஓட விடுங்கள். `show ip ospf neighbor` அடித்தால் எதிர் ரௌட்டர் FULL என்று தெரியும். இப்போது ஒன்றில் மட்டும் இதை அடியுங்கள்:

```
R2(config)# interface g0/0
R2(config-if)# ip ospf hello-interval 5
```

ஒரு நிமிஷத்துக்குள் அண்டை ரௌட்டர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஆனால் எதிர் முனைக்கு பிங் போகும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவருக்கு, கேபிளிலும் ஐபி முகவரியிலும் பழுது இல்லை, இரு ரௌட்டர்களின் ஒப்பந்தத்தில்தான் பழுது என்று தோன்ற வேண்டும். இரண்டிலும் `show ip ospf interface` அடித்து ஹலோ, டெட் நேரங்களை ஒப்பிட்டால் ஒன்றில் 10, மற்றதில் 5 என்று கண்ணில் படும். அதைச் சரிசெய்துவிட்டு ஏரியா எண்ணை மாற்றுங்கள், பிறகு ஒரு முனையின் சப்நெட் மாஸ்க்கை, பிறகு `passive-interface`. நான்கும் ஒரே அறிகுறியைத் தரும், காரணம் வேறு வேறு. ஒரு மணி நேரத்தில் நான்கு பழுது. மூன்று மணி நேர வீடியோவில் இது கிடைக்காது.

கேள்வி: தங்கை கல்யாணத்தில் இரண்டு வாரம் போய்விட்டது. ஆறு அத்தியாயம் பாக்கி. அடுத்த இரண்டு வாரமும் வாரத்துக்கு ஆறு படித்து ஈடுகட்டலாமா?
— தஞ்சை வாசகர்

பதில்: வேண்டாம். மூன்று படிக்கவே மூச்சு முட்டும் வேலைநாட்களில் ஆறு என்றால் பக்கம்தான் புரளும், ஏழு நாள் கழித்து டிக் விழாது. விதிவிலக்காக ஐந்தாம் மாதத்தின் முதல் வாரத்தைப் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று அத்தியாயம் அங்கே போகட்டும். மற்ற மூன்றை ஆட்டோமேஷன், ஐபி சர்வீசஸ் பக்கம் சுருக்கிப் பெறுங்கள்: JSON-ஐப் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும், ரெஸ்ட் ஏபிஐ எதற்கு என்று தெரிய வேண்டும், அந்தப் பகுதிகளில் லேபைக் குறைக்கலாம். ரௌட்டிங், விலான், ஏசிஎல் மூன்றிலும் கை வைக்காதீர்கள். அந்த மாதத் தேர்வைத் தள்ளிப்போடவும் வேண்டாம். இடைவெளியில் எது மறந்தது என்று இப்போதுதான் தெரிய வேண்டும்.

கேள்வி: ஒரே மாக் டெஸ்டை நாலு தடவை எழுதி 93 சதவீதம் எடுத்துவிட்டேன். தயாரா?
— வேலூர் வாசகர்

பதில்: அந்தக் கேள்விகளுக்குத் தயார். புதுக் கேள்விகள் எழுதி வரும் எண்ணை எனக்கு அனுப்புங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் ஒருவர் ‘ஒரிஜினல் கேள்விகள்’ என்று ஒரு பிடிஎஃப் தந்தார். பயிற்சிக்கு மட்டும் பார்க்கலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: அழித்துவிடுங்கள். தேர்வு எழுதும் முன் நீங்கள் ஏற்கும் ஒப்பந்தத்துக்கு அது எதிரானது, பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும். படிப்புக்கும் கேடு: அதிலிருந்து ஒரு கேள்வி மாதத் தேர்வில் கலந்துவிட்டால்கூட உங்கள் எண் பொய்யாகிவிடும், எந்த அத்தியாயத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதே தெரியாமல் போகும்.

கேள்வி: மாக் டெஸ்டில் கடினமான கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டுக் கடைசியில் வருவேன். நேரம் நன்றாக மிஞ்சுகிறது. உண்மைத் தேர்விலும் இப்படியே செய்யலாமா?
— புதுச்சேரி வாசகி

பதில்: முடியாது. இந்தத் தேர்வில் ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் பின்னால் போக வழி இல்லை. தள்ளிவைத்துவிட்டுக் கடைசியில் வருவது பள்ளிக்கூடத்திலிருந்து நமக்கு ஊறிப்போன பழக்கம். இதை மாற்றவே ஒரு மாதம் பிடிக்கும். மூன்றாம் மாதத் தேர்விலிருந்து பின்செல்லும் பொத்தானைத் தொடாதீர்கள். ஒரு கேள்வியில் இரண்டு நிமிஷம் ஆகிவிட்டால் இருப்பதில் சிறந்ததைக் குறித்துவிட்டு நகருங்கள், லேப் கேள்விக்கு மட்டும் கூடுதல் நேரம். சந்தேக எண்களைத் தாளில் எழுதும் பழக்கம் தொடரட்டும், அது நோட்டின் நாலாவது பத்திக்காக.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவன். பாடம் புரிகிறது, கேள்வியின் ஆங்கிலம்தான் தடுக்கிறது.
— பரமக்குடி வாசகர்

பதில்: பெரிய ஆங்கிலம் அதில் இல்லை, திரும்பத் திரும்ப வரும் சில வாக்கிய அமைப்புகள்தான். முதலில் கடைசி வரியைப் படியுங்கள், கேட்பது அங்கேதான் இருக்கும். எத்தனை விடை என்பதையும் அங்கேயே சொல்லியிருப்பார்கள். பிறகு மேலே உள்ள படத்தையும் கட்டளை வெளியீட்டையும் பாருங்கள். உங்கள் நோட்டின் மூன்றாவது பத்தியில், தவறாகப் படித்த சொற்றொடரை அப்படியே எழுதிவையுங்கள். அதே இருபது, முப்பது சொற்றொடர்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன என்பது இரண்டு மாதத்தில் தெரியும்.

கேள்வி: தேர்வுத் தேதியை எப்போது பதிவு செய்வது? முதல் நாளே செய்துவிட்டால் பயத்தில் படிப்போம் என்கிறார்கள். தோற்றால் என்ன ஆகும்?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: கட்டணம் 300 அமெரிக்க டாலர், வரி தனி. அதைப் பயத்தின் பேரில் கட்டாதீர்கள். தேர்ச்சிக்கு இத்தனை மார்க் என்று சிஸ்கோ வெளியிடுவதில்லை, ஆகவே எல்லைக்கோட்டை ஒட்டிப் போய் நிற்பது ஆபத்து. நான் சொல்லும் அளவு இது: நாலாம் மாதத் தேர்வு முடிந்து நோட்டைப் பாருங்கள். ‘தெரியவில்லை’ பத்தியில் ரௌட்டிங், சுவிட்சிங் எதுவும் இல்லை என்றால் ஐந்தாம் மாதக் கடைசி வாரத்துக்குப் பதிவு செய்யுங்கள். ஒதுக்கிவைத்த கேள்வி வங்கியிலிருந்து இரண்டு முழுநீளத் தேர்வு, ஊகங்களைக் கழித்த பிறகும் 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் தைரியமாகப் போகலாம்.

தோற்றால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுத விதி அனுமதிக்கிறது, மறுபடி முழுக் கட்டணம். அந்த ஐந்தாவது நாளைப் பிடிக்க ஓடாதீர்கள். மதிப்பெண் அறிக்கையில் ஆறு பகுதிகளுக்கும் தனித்தனிச் சதவீதம் இருக்கும். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நம்பகமான மாதிரித் தேர்வு முடிவு அதுதான். அதில் மிகக் குறைந்த இரண்டு பகுதிகளின் அத்தியாயங்களை மட்டும் எடுத்து, வாரத்துக்கு மூன்று என்ற அதே இலக்கில் மூன்று வாரம் வையுங்கள். லேபையும் சேர்த்துத்தான். அதன் பிறகு பணம் கட்டுங்கள்.